மூன்றுக்கு ஒன்று

மகளுக்கு ஐந்து வயது நடந்துகொண்டிருந்தபோது வலிப்பு வர ஆரம்பித்தது. முதலில் காய்ச்சலோடு வந்தது. பிறகு காய்ச்சல் இல்லாமலும் வந்தது. சாப்பிட்டுக்கொண்டே இருப்பாள், வாய்க்குப் போகிற கை பாதியில் நின்றுவிடும், கண் ஒரு பக்கமாக இழுக்கும், தலை முன்னால் தொங்கிவிடும். கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். ஒரு மருந்து கொடுத்தார்கள், இன்னொன்று சேர்த்தார்கள், மூன்றாவதும் வந்தது. வலிப்பு குறையவில்லை. தூக்கம்தான் கூடியது. பள்ளிக்கூடத்திலிருந்து அவளைத் தோளில் போட்டுத் தூக்கி வருவது வழக்கமாகிவிட்டது.

அப்போதுதான் நரம்பு டாக்டர் ஒரு நாள், "சாப்பாட்டாலேயே ஒரு வைத்தியம் இருக்குது. கஷ்டமானது. ஆனா சில குழந்தைகளுக்கு நல்லாக் கேக்குது" என்று சொல்லி, அதே ஆஸ்பத்திரியில் இருந்த உணவு ஆலோசகர் அம்மாவிடம் அனுப்பினார். நாங்கள் அவரை மேடம் என்றே கூப்பிட்டோம். கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற பெண்மணி. அறையில் ஒரு மேசை, ஒரு கால்குலேட்டர், உணவுப் பொருள்களின் சத்து அட்டவணை அச்சிட்ட ஒரு புத்தகம். அவ்வளவுதான்.

"குழந்தை உடம்பு சர்க்கரையை எரிக்கறதுக்குப் பதிலாக் கொழுப்பை எரிக்கணுங்க" என்றார் மேடம். "அதுக்காக ஒவ்வொரு வேளையும் கணக்கு வெச்சுச் சாப்பிடணும். புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து ஒரு கிராம்னா, கொழுப்பு மூணு கிராம். மூணுக்கு ஒண்ணு. சோறு, சர்க்கரை, பழமெல்லாம் கிட்டத்தட்ட நின்னுபோகும். வேளைக்கு இத்தனை கலோரின்னும் நான் சொல்லுவேன். சத்து மாத்திரை தனியாத் தரணும். எங்களைக் கேக்காம எதையும் மாத்தக் கூடாதுங்க."

சில நாள் ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்து ஆரம்பித்தார்கள். பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள், நான்கு சாப்பாட்டு முறைகளோடு. நான்கையும் மேடம் கையாலேயே கணக்குப் போட்டிருந்தார். பனீர் இத்தனை கிராம், வெண்ணெய் இத்தனை கிராம், முட்டைக்கோசு இத்தனை கிராம் என்று எல்லாம் கிராமில் இருந்தது.

கிராமை எப்படி நிறுப்பது? நான் அப்போது பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்புசெட் கம்பெனியில் டிசைன் பிரிவில் இருந்தேன். அங்கே வார்ப்புமண்ணைச் சோதிக்கிற லேபில் ஒரு பழைய எலக்ட்ரானிக் தராசு சும்மா கிடந்தது. மேனேஜரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. லேபுக்காரரைக் கூப்பிட்டு, அதைச் சுத்தம் பண்ணி, எடைக்கல் வைத்துச் சரிபார்த்துக் கொடுக்கச் சொன்னார். துடியலூரில் எங்கள் வீட்டுச் சமையல் மேடையில் அந்தத் தராசு ஏறி உட்கார்ந்தது. காலால் உதைத்தாலும் அசையாத தராசு அது.

சில வாரங்களில் வலிப்பு குறைய ஆரம்பித்தது. நாளுக்குப் பலமுறை வந்தது, சில நாள் ஒன்றிரண்டாக நின்றது. நாங்கள் நம்பலாமா வேண்டாமா என்று தெரியாமல் இருந்தோம். ஆனால் வேறொரு தொல்லை வந்தது. மகளுக்கு அந்த நான்கு சாப்பாடும் சலித்துப்போனது. தட்டைப் பார்த்ததும் முகத்தைத் திருப்புவாள்.

"ஏனுங்கம்மா, அந்த வெள்ளையா இருக்கறது வேண்டாம்" என்பாள். பனீரைத்தான் சொல்வாள்.

பாதி சாப்பிட்டுவிட்டு எழுந்தால் கணக்குக் கெட்டுவிடும். கணக்குக் கெட்டால் வலிப்பு வந்துவிடுமோ என்ற பயம். மனைவி தட்டை எடுத்துக்கொண்டு வீடு முழுக்க அவள் பின்னால் அலைவாள். கடைசியில் மேடத்துக்குப் போன் செய்து, "பனீருக்குப் பதிலா முட்டை போடலாங்களா மேடம்?" என்று கேட்டாள்.

"தாராளமாப் போடலாங்க. ஆனா ஒண்ணை மாத்துனா எண்ணெய், வெண்ணெய் எல்லாம் மாறும். புதன்கிழமை வாங்க, கணக்குப் போட்டு வெக்கறேன்."

மேடத்தைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு வார்டு முழுக்க நோயாளிகள். சர்க்கரை வியாதிக்காரர்கள், சிறுநீரகம் கெட்டவர்கள், தீக்காயம்பட்டவர்கள். அதற்கு நடுவில் எங்கள் மகளுக்கு ஒரு முட்டைப் பொரியலைக் கணக்குப் போட வேண்டும். எண்ணெயைக் கொஞ்சம் கூட்டி, கோசைக் கொஞ்சம் குறைத்து, திரும்பக் கூட்டிப் பார்த்து, விகிதம் மூன்றில் வந்து நிற்கும்வரை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

போனை வைத்த மனைவி என்னைப் பார்த்தாள். "ஏனுங்க, இது வெறும் கணக்குத்தானுங்களே? நீங்க பம்புக்குப் போடறதை விடவா கஷ்டம்? அந்தப் பொட்டிகிட்டச் சொல்லிப் போடச் சொல்ல முடியாதுங்களா?"

பெட்டி என்று அவள் சொன்னது எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை. உதிரிகளை வாங்கிச் சேர்த்துப் பூட்டியது. அதில் விலை கொடுத்து வாங்கிய சாஃப்ட்வேர் என்று எதுவும் இல்லை. ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சிடியைப் போட்டு வைத்திருந்தேன். அந்த சிடியில் பைத்தான் என்று ஒரு மொழி இருந்தது. கல்லூரியில் ஃபோர்ட்ரான் எழுதியவன் நான். பைத்தானைப் பற்றி யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் கூடவே ஒரு பாடமும் இருந்தது, படிக்கச் சுலபமாக. எங்கேயோ இருக்கிற யாரோ உட்கார்ந்து, தெரியாதவனுக்கும் புரிய வேண்டும் என்று பொறுமையாக எழுதியது. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே ஆரம்பித்தேன்.

அடுத்த நாளே போய்க் கேட்டதும் மேடம் தன் புத்தகத்தைத் தந்தார். ஆஸ்பத்திரி வாசலில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தோம். எங்கள் சமையலறைக்கு வருகிற பொருள்களை மட்டும் மனைவி பென்சிலால் வட்டம் போட்டாள். அவள் வாசிக்க வாசிக்க நான் தட்டினேன். கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து கிடையாது. ஆங்கில எழுத்திலேயே தமிழ்ப் பெயர். ஒரு பொருளுக்கு ஒரு வரி. பெயர், பிறகு நூறு கிராமில் உள்ள கலோரி, புரதம், கொழுப்பு, மாவுச்சத்து.

muttai 173 13.3 13.3 0

"மாவுச்சத்து சைபருங்க. முட்டை நல்ல புள்ளை" என்றாள் மனைவி.

புரோகிராம் செய்ய வேண்டியது ரொம்ப எளிது. முதலில் அட்டவணைக் கோப்பைத் திறந்து வரிவரியாகப் படிக்கும். வரியை இடைவெளியில் பிரித்து, பெயரைச் சாவியாக வைத்து, எண்களை டிக்ஷனரி என்று பைத்தான் சொல்லும் பெட்டகத்தில் போட்டுக்கொள்ளும். பிறகு சமையல் கோப்பைத் திறக்கும். அதில் பொருளின் பெயரும் கிராமும் இருக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் எடையை நூறால் வகுத்து அட்டவணை எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டும். கடைசியில் கொழுப்பை, புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்த தொகையால் வகுத்து விகிதத்தைச் சொல்லும்.

சோதித்துப் பார்க்க நாலைந்து பொருளுக்கு நூறு கிராம் கொடுத்தேன். புத்தகத்தில் இருந்த எண்கள் அப்படியே வந்தன. பெருமையாக இருந்தது. அடுத்து மேடம் போட்ட பனீர்ச் சாப்பாட்டைக் கொடுத்தேன். எல்லாம் சைபர். புரதம் சைபர், கொழுப்பு சைபர். கடைசி வரியில் சைபரால் வகுக்க முடியாது என்று சொல்லி புரோகிராம் நின்றேபோனது.

எழுதியதை மேலிருந்து கீழே படித்தேன். தப்பாக எதுவும் தெரியவில்லை. பூண்டு உரித்துக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"நூறு போட்டா நூறு வருதுங்க. அம்பது போட்டா ஒண்ணுமே இல்லைங்குது. நூறுக்குக் கம்மியா இருந்தா அதுக்குக் கண்ணு தெரியாதுங்களா?"

சட்டென்று நூற்றைம்பது போட்டுப் பார்த்தேன். நூறுக்கு வந்த அதே எண்கள் வந்தன. அப்போதுதான் புரிந்தது. நான் எழுதியிருந்த வரி இது:

edai / 100 * puratham

எடையை முழு எண்ணாகப் படிக்கச் சொல்லியிருந்தேன். நூறும் முழு எண். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் அந்தக் காலத்துப் பைத்தான் மீதியைத் தூக்கி எறிந்துவிடும். ஐம்பதை நூறால் வகுத்தால் அரை அல்ல, சைபர். நூற்றைம்பதுக்கு ஒன்று. எடையைத் தசமத்தோடு படிக்கச் சொல்லி, நூறை 100.0 என்று மாற்றினேன். பனீர்ச் சாப்பாட்டின் விகிதம் மூன்று என்று வந்தது. மேடம் போட்ட நான்கையும் கொடுத்தேன். நான்கும் அவர் கணக்கோடு ஒத்துப்போயின. மனைவி பூண்டுக் கையாலேயே என் தோளில் தட்டினாள்.

நான்கும் ஒத்துப்போனதைப் புதன்கிழமை மேடத்திடம் சொன்னபோது அவர் சந்தோஷப்பட்டார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். "நீங்க என்ன மெனு வேண்ணாலும் போட்டுக் கொண்டாங்க. நான் கையால ஒருதரம் போட்டுப் பார்த்துத்தான் குழந்தைக்குத் தரணும். சரிங்களா?"

சரி என்றோம்.

முதல் மெனு முருங்கைக்கீரை ஆம்லெட். வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரம் இருந்தது, மகளுக்கு ஆம்லெட் பிடிக்கும். ஐம்பது கிராம் முட்டை, காம்பு கிள்ளிய பச்சைக் கீரை இருபது கிராம், மீதி தேங்காயெண்ணெய். எண்ணெயைக் கூட்டிக் கூட்டிப் பார்த்ததில் பதினேழு கிராமில் விகிதம் மூன்றைத் தொட்டது. பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். மேடம் கால்குலேட்டரைத் தட்டினார். இன்னொரு முறை தட்டினார்.

"எண்ணெய் பத்தாதுங்களே. எனக்கு ரெண்டே காலுக்குக் கிட்டத்தான் வருது. இருங்க… ரெண்டு புள்ளி மூணு."

"நாலு மெனுவும் சரியா வந்துச்சுங்களே மேடம்" என்றேன்.

அவர் பிரிண்டைத் தன் பக்கம் திருப்பினார். என் தாளில் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக எண்கள் அச்சாகியிருந்தன. அவற்றின் மேல் விரலை வைத்துக்கொண்டே வந்தார். முட்டையில் நின்றார், தாண்டினார். கீரையில் நின்றார்.

"இருபது கிராம் கீரைக்கு மாவுச்சத்து முக்கால் கிராம்கூட வரலை. ரெண்டரை வரணுங்க." புத்தகத்தைப் புரட்டினார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "உங்க கம்ப்யூட்டர் கீரைன்னு சொல்லிப்போட்டு முருங்கைக்காயைப் போட்டிருக்குதுங்க!"

எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. புத்தகத்தில் கீரைகள் ஒரு பக்கம், காய்கள் வேறொரு பக்கம். கீரைப் பக்கத்தில் murungai என்று தட்டினேன். காய்ப் பக்கம் வந்தபோதும் murungai என்றே தட்டினேன். டிக்ஷனரியில் ஒரு சாவிக்கு ஒரு இடம்தான். இரண்டாவது வந்ததும் முதலாவதை அழித்துவிட்டு அது உட்கார்ந்துகொண்டது. பைத்தான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நான் எழுதவும் இல்லை. மேடம் போட்ட நான்கு மெனுவில் எதிலும் முருங்கை இல்லாததால் அவை தப்பித்தன.

"இதைச் செஞ்சு குடுத்திருந்தா என்னங்க ஆகியிருக்கும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆகாமலும் போயிருக்கலாங்க" என்றார் மேடம். "ஆனா வலிப்பு வந்திருந்தா, இந்த வைத்தியமே கேக்கலைன்னு நினைச்சு நீங்க விட்டுப்போட்டிருப்பீங்க. எனக்கு அதுதான் பயம்."

நான் மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ் ஏறி வீடு வந்து சேரும்வரை அந்த வார்த்தையையே நினைத்துக்கொண்டு வந்தேன். அத்தனை நோயாளிகளுக்கு நடுவில், இயந்திரம் போட்ட கணக்கையும் உட்கார்ந்து சரிபார்க்கிற ஒருவர் எங்களுக்குக் கிடைத்திருந்தார்.

வந்ததும் புரோகிராமில் இரண்டு வரி சேர்த்தேன். ஒரு பெயரை டிக்ஷனரியில் போடுமுன் அது ஏற்கனவே இருக்கிறதா என்று பார். இருந்தால் பெயரைச் சொல்லிவிட்டு நின்றுவிடு. ஓட்டினேன். முருங்கையில் நின்றது. அதைத் திருத்தி ஓட்டினால் வெந்தயத்தில் நின்றது: வெந்தயமும் வெந்தயக்கீரையும். பிறகு கொத்தமல்லியில் நின்றது, விதையும் தழையும்.

"நானே பேர் வெக்கறேன், தள்ளுங்க" என்று மனைவி வந்து உட்கார்ந்தாள். murungai_keerai, murungai_kai, malli_vidhai, malli_thazhai. எந்தச் சமையல்காரிக்கும் கீரையும் காயும் ஒன்றாகத் தெரியாது என்று எனக்குக் கேட்கும்படியே சொல்லிக்கொண்டாள்.

சரியான கணக்கில் அந்த ஆம்லெட்டுக்கு இருபத்துநாலரை கிராம் எண்ணெய் வேண்டும் என்று வந்தது.

"இத்தனை எண்ணெயா? குழந்தை திங்கணுமா, குடிக்கணுமா?" என்றாள் மனைவி. நான் எழுந்து இடம் விட்டேன். அவள் எழுந்திருக்கவில்லை. சமையல் கோப்பைத் திறப்பது, எண்ணை மாற்றுவது, சேமிப்பது, ஓட்டுவது, இந்த நான்கையும் அன்றே கற்றுக்கொண்டாள். கீரையைப் பத்து கிராமாக்கினாள். எண்ணெயில் பாதியை எடுத்துவிட்டு வெண்ணெய் பத்து கிராம் போட்டாள். ஓட்டினாள். எண்ணெயைப் பதினொன்று ஆக்கினாள். ஓட்டினாள்.

"மூணு வந்திருச்சுங்க!"

மேடமும் போட்டுப் பார்த்து, சரி என்று தலையசைத்தார். அதற்கடுத்த நாள் காலை ஆம்லெட் தட்டுக்கு வந்தது. மேலே உருகிய வெண்ணெய். வாணலியில் ஒட்டியிருந்த எண்ணெயையும் மனைவி கரண்டியால் வழித்து ஊற்றினாள். அதுவும் கணக்கில் இருந்தது. மகள் ஒரு விள்ளல் எடுத்தாள். நாங்கள் வேறு வேலை பார்ப்பதுபோல் நடித்துக்கொண்டிருந்தோம். தட்டு காலியானது.

"ஏனுங்கப்பா, இது நீங்க செஞ்சீங்களா, அம்மா செஞ்சாங்களா?"

"அம்மாதான், கண்ணு."

"அப்ப நாளைக்கும் அம்மாவே செய்யட்டும்."

அதன்பின் அந்தப் பெட்டி முன்னால் நான் உட்காருவது குறைந்துபோனது. மனைவி தேங்காய்த் துருவலிலும் நிலக்கடலையிலும் வெண்ணெயிலும் என்னென்னவோ செய்தாள். சிலது மூன்றைத் தொடவே தொடாது, திட்டிக்கொண்டே அழிப்பாள். பூசணிக்காயை ஒரு மாதம் கோபித்துக்கொண்டு வாங்காமலே இருந்தாள். வாரத்துக்கு இரண்டு மூன்று மெனு மேடத்திடம் போகும். எல்லாவற்றையும் அவர் கையால் போட்டுப் பார்த்துத் திருப்பித் தருவார். ஒருபோதும் சலித்துக்கொண்டதில்லை.

வலிப்பு ஒரே நாளில் நிற்கவில்லை. வாரத்தில் சில நாள் வந்தது, பிறகு எப்போதாவது வந்தது. ஜுரம் வந்தால் கூடும், நாங்கள் மறுபடி துவண்டுபோவோம். பிறகு ஒரு மாதம் முழுக்க வராமல் போனது. அதைப் பற்றி வாய்விட்டுப் பேசவே எங்களுக்குப் பயம். டாக்டர் மருந்தில் ஒன்றைக் குறைத்தார். பள்ளிக்கூடத்திலிருந்து அவள் நடந்தே வந்தாள், பையைத் தானே தூக்கிக்கொண்டு. கேட்டில் நின்ற மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனது நினைவிருக்கிறது.

அந்த வருஷக் கடைசியில் மேடம் கேட்டார்: "உங்க புரோகிராமை எனக்கும் ஒண்ணு தர முடியுங்களா? இன்னும் ரெண்டு மூணு குழந்தைங்க இருக்குது." அவருக்கென்று கம்ப்யூட்டர் இல்லை. கணக்குப் பிரிவில் ஒன்று இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் உபயோகித்துக்கொள்ளலாம் என்று அங்கிருந்தவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். அது விண்டோஸ் இயந்திரம். விண்டோஸுக்கும் பைத்தான் இருந்தது, அதுவும் இலவசம்தான். ஃபிளாப்பியில் புரோகிராமையும் அட்டவணையையும் கொண்டுபோய்ப் போட்டுக்கொடுத்தேன். சமையல் கோப்பில் எழுத்துப்பிழை இருந்தால் புரோகிராம் எதையும் ஊகிக்காமல் நின்றுவிடும் என்று காட்டினேன். "அதுதாங்க வேணும்" என்றார் மேடம்.

ஒரு சனிக்கிழமை பவானியிலிருந்து ஒரு தம்பதி எங்கள் வீடு தேடி வந்தார்கள். மூன்று வயதுப் பையன் அப்பாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். மேடம்தான் அனுப்பியிருந்தார். மெனுவெல்லாம் கையில் இருந்தது. எப்படிச் சமைப்பது என்றுதான் தெரியவில்லை. அந்தப் பெண் வாசலிலேயே, "ஏனுங்கக்கா, இத்தனை எண்ணெயில ஒரு குழந்தை எப்படிங்க சாப்பிடும்?" என்று கேட்டு அழுதுவிட்டாள்.

மனைவி அவள் கையைப் பிடித்துச் சமையலறைக்குக் கூட்டிப்போனாள். அவளுடைய கணவரும் நானும் வெளியே உட்கார்ந்தோம். எங்கள் வீட்டில் எப்படி இருந்தது என்பதை மட்டும் சொன்னேன். எல்லாக் குழந்தைக்கும் கேட்கும் என்று சொல்ல முடியாது, மேடத்தைக் கேட்காமல் எதையும் மாற்றாதீர்கள் என்றேன். உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்துகொண்டிருந்தது. "காம்பைக் கிள்ளிப்போட்டு அப்பறம் நிறுங்க… கழுவுன தண்ணி நல்லா வடியட்டும்… பச்சையாத்தான் நிறுக்கணும், வெந்தப்பறம் இல்லை…" அவளுக்குத் துணையாக எங்கள் மகளும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குத்தான் ருசி தெரியும்.

இரண்டு வருஷம் கழித்து டாக்டர் விகிதத்தை மெல்ல மெல்லக் குறைத்தார். ஒவ்வொரு படியிலும் பயந்தோம், ஒவ்வொரு படியும் கடந்துபோனது. மகள் மற்றக் குழந்தைகளைப் போலச் சோறு சாப்பிட ஆரம்பித்தாள். இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். அந்த நாள்களில் அவளுக்கு நினைவிருப்பது கொஞ்சம்தான். அதுவும் நல்லதே என்று நினைக்கிறேன்.

எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. தராசைக் கொடுத்த மேனேஜர், அந்தப் பாடத்தை எழுதிவைத்த முகம் தெரியாத ஆள், விரலை ஒவ்வொரு எண்ணாக வைத்துக்கொண்டு வந்த மேடம். பவானிக்காரர்கள் அதற்குப் பிறகு பலமுறை போன் செய்தார்கள். நான் எடுத்தால் நலம் விசாரித்துவிட்டு, "அக்கா இருக்காங்களா?" என்பார்கள். மனைவி வந்து வாங்கிக்கொள்வாள். பையன் இன்று என்ன சாப்பிட்டான் என்று அங்கிருந்து சொல்லச் சொல்ல, அவள் சமையலறைக் கதவில் சாய்ந்து நின்று சிரித்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள்.